இண்டூரில் இருந்து வருகிறேன்

“இண்டூரில் இருந்து வருகிறேன்” என்று எழுதினால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. இண்டூரில் பஸ் ஏறி இப்போதுதான் வந்து இறங்குகிறேன் என்பது ஒன்று. இண்டூரில் பல காலமாகக் குடியிருக்கிறேன் என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்ல வேண்டுமானால் “இண்டூரிலிருந்து வருகிறேன்” என்று எழுத வேண்டும். இரண்டாவதைச் சொல்ல “இண்டூரில் இருந்துவருகிறேன்” என்று எழுத வேண்டும். சொற்கள் அவையேதான், வரிசையும் அதேதான். எங்கே ஒட்டுகிறோம், எங்கே இடம் விடுகிறோம் என்பது மட்டுமே மாறுகிறது.

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே இந்த வாக்கியம் அந்தக் காலத்திலும் தினம் எழுதப்பட்டது, இப்போதும் எழுதப்படுகிறது. இருப்பிடச் சான்று, ரேஷன் கார்டு, வீட்டு மனை, முதியோர் உதவித்தொகை என்று எதற்கு மனு எழுதினாலும், மனுதாரர் எந்த ஊரில் எவ்வளவு காலமாக இருக்கிறார் என்பதுதான் முதல் வரி.

1970களில் அந்த வரியை எழுதிக்கொடுத்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். மளிகைக் கடை வைத்திருந்தார். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் மனு எழுதுவார். முழுநீளத் தாளை நீளவாக்கில் மடித்து இடப்பக்கம் ஓரம் விட்டு, ஊற்றுப்பேனாவால் எழுதத் தொடங்கினால், முற்றுப்புள்ளி வருவதற்குள் பாதிப் பக்கம் ஓடியிருக்கும். அவர் கையெழுத்தில் இடைவெளி மிகக் குறைவு. “இண்டூரிலிருந்துவருகிறபடியால்” என்று ஒரே மூச்சாக எழுதுவார். பத்திர எழுத்தர்களிடம் பழகிய கை அது. பழைய கிரயப் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நடை தெரிந்திருக்கும்.

ஆனாலும் அப்பா எழுதிய மனுவில் குழப்பம் வரவில்லை. காரணம், எழுதி முடித்ததும் மனுதாரருக்கு உரக்கப் படித்துக்காட்டுவார். படிக்கத் தெரியாதவர் கேட்டு, சரி என்று தலையாட்டிய பிறகே கைநாட்டு. தாளில் இடைவெளி இல்லாத இடத்தில் குரல் இடைவெளி விட்டது. எங்கள் ஊர்ப் பேச்சில் “இண்டூர்லேருந்து வர்றேன்” என்பதும் “இண்டூர்ல இருந்துக்கிட்டு வர்றேன்” என்பதும் காதுக்கு வேறு வேறாகவே கேட்கும். எழுத்து மறைத்ததைப் பேச்சு காட்டிக்கொடுத்தது.

இதில் பழமையான ஒரு மரபின் கடைசி இழை இருந்தது என்று பின்னால் புரிந்துகொண்டேன். எங்கள் மாவட்டத்தில் நடுகற்கள் ஏராளம். தர்மபுரி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் நடுகற்களின் முன்னால் நின்று பார்த்தால், எழுத்துகள் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லாமல் வரிசையாக ஓடுவது தெரியும். ஓலைச்சுவடியும் அப்படித்தான். படிப்பவர் வாய்விட்டுப் படித்து, சொல்லைப் பிரித்து, பொருள் கண்டார். தொல்காப்பியமும் நன்னூலும் இரண்டு சொற்கள் சந்திக்கும்போது ஒலி எப்படி மாறும் என்று நுணுக்கமாகச் சொல்கின்றன. தாளில் எங்கே வெற்றிடம் விட வேண்டும் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் அவற்றுக்கு இல்லை. அச்சு வந்து, மனத்துக்குள் படிக்கும் பழக்கம் பரவிய பிறகுதான் இடைவெளிக்கு வேலை வந்தது. 1950களில் மர்ரே எஸ். ராஜம் பழைய இலக்கியங்களைச் சந்தி பிரித்து மலிவுப் பதிப்பாக வெளியிட்டது இந்த மாற்றத்தின் ஒரு பெரிய கட்டம். தனியாக உட்கார்ந்து படிக்கும் வாசகர் உரையாசிரியரின் குரல் இல்லாமலே சொல்லை அடையாளம் காண அந்தப் பதிப்புகள் வழி செய்தன.

ஆகவே புணர்ச்சி வேறு, சேர்த்து எழுதுவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். “வேலையைத் தேடினான்” என்பதில் த் வந்திருக்கிறது. ஆனால் இரண்டு சொல்லும் தனித்தனியே நிற்கின்றன. ஒற்று வந்தால் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்றோ, பிரித்து எழுதினால் ஒற்று வேண்டாம் என்றோ இலக்கணம் எங்கேயும் சொல்லவில்லை. ஒற்று என்பது ஒலியின் கணக்கு. இடைவெளி என்பது பொருளின் கணக்கு.

பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ் ஐயா இதைக் கரும்பலகையில் ஒரே ஒரு வினைச்சொல்லை வைத்துக் காட்டினார். “திருடனைக் கண்டு பிடித்தான்” என்று எழுதி இடம் விட்டார். “இதுல எத்தனை வேலை நடக்குது?” என்று கேட்டார். கண்டான், பிடித்தான், இரண்டு வேலை என்றோம். அடுத்த வரியில் “திருடனைக் கண்டுபிடித்தான்” என்று சேர்த்து எழுதினார். இங்கே நடந்தது ஒரே வேலை. கையால் பிடித்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. யார் திருடன் என்று தெரிந்துகொண்டாலே போதும். “ரெண்டு வேலைன்னா நடுவுல எடம். ஒரே வேலைன்னா எடம் இல்லை” என்றார். எனக்குத் தெரிந்து இதைவிட எளிய விதி கிடையாது.

இந்த விதிக்குள் இருப்பது இதுதான். தமிழில் பல வினைச்சொற்களுக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. “விடு” என்றால் கையிலிருந்து நழுவவிடுவது, கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஆனால் “வந்துவிட்டான்” என்பதில் யாரும் எதையும் விடவில்லை. வருவது முடிந்தது என்று உறுதி சொல்வதே அந்த “விடு”வின் வேலை. தன் சொந்தப் பொருளை இழந்து முன்னால் உள்ள வினைக்குத் துணைவினையாகிவிட்டது. ஆகவே ஒட்டி எழுத வேண்டும். “பையனைப் பள்ளிக்கூடம்வரை கூட்டிவந்து விட்டான்” என்றால் “விட்டான்” தன் சொந்தப் பொருளோடு நிற்கிறது. அங்கே இடம் வேண்டும். “மழை விட்டு விட்டுப் பெய்தது” என்றால் நின்று நின்று பெய்தது. “வேலையை விட்டுவிட்டு வந்தான்” என்பதில் முதல் “விட்டு” பொருள் உள்ள வினை, இரண்டாவது துணை.

கொள், இரு, விடு, போடு, வை, பார், கொடு, வா, போ எல்லாமே இப்படி இரட்டை வாழ்க்கை வாழ்பவை. “செய்துபார்” என்றால் முயன்று பார்ப்பது, கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. “எழுதிக்கொடு” என்பதில் கொடுப்பது உண்மையாகவே நடக்கலாம், பிறருக்காக எழுதுவதாகவும் இருக்கலாம். பெயர்ச்சொல்லோடு சேரும் வினையும் இப்படியே. ஒருவன் புற்றுக்குள் கை விட்டால் பாம்பு கடிக்கும். குடும்பத்தைக் கைவிட்டால் குடும்பம் தெருவில் நிற்கும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வெளிவந்தபோது “கண்டுபிடி”, “கைவிடு” போன்றவற்றைத் தனித் தலைச்சொற்களாகவே கொடுத்தது. ஓர் இணைப்பு ஒரே சொல்லாகிவிட்டதா என்ற சந்தேகம் வந்தால் அகராதியில் அது தலைச்சொல்லா என்று பார்ப்பது இன்றும் நல்ல வழி.

பள்ளி முடித்து நான் தர்மபுரியில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். அங்கேதான் இடைவெளியைக் கையால் தொட்டேன். அச்சுக் கோப்பதில் இடைவெளி என்பது வெறுமை இல்லை, ஈயத் துண்டு. எழுத்தைவிட உயரம் குறைந்த, மை படாத துண்டு. பன்னிரண்டு பாயிண்ட் எழுத்தில் திக் ஸ்பேஸ் நான்கு பாயிண்ட், மிடில் ஸ்பேஸ் மூன்று பாயிண்ட், தின் ஸ்பேஸ் அதைவிடவும் மெல்லியது. கையில் பிடித்த ஸ்டிக்கில் ஒரு வரியைக் கோத்து முடித்ததும், வரி இறுகி நிற்கும்படி இடைவெளிகளைக் கூட்டியோ குறைத்தோ நிரப்ப வேண்டும். இறுகாத வரியைத் தூக்கினால் எழுத்து உதிரும்.

கல்யாணப் பத்திரிகையில் இது சிரமமில்லை. சிரமம் குறுகலான பத்தியில் வரும். தமிழில் வரி முடிவில் சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம், இணைப்புக்கோடும் தேவையில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு, புள்ளி வைத்த எழுத்தில் அடுத்த வரி தொடங்கக் கூடாது. “பார்த்துக்கொண்டிருந்தபோதெல்லாம்” என்ற சொல் வரிக்குள் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிக் கடைசியில் அரை எழுத்து அளவுக்கு இடம் மிஞ்சுகிறது. அடுத்து வருவதோ க், ண் போன்ற புள்ளி எழுத்தோடு சேர்ந்த எழுத்து, அதை உடைக்க முடியாது. வரியில் இருப்பது ஒரே ஓர் இடைவெளி. மிஞ்சிய இடம் முழுவதையும் அதிலேயே போட்டால் வரி பொக்கை வாயாகிவிடும். அப்போது கம்பாசிட்டர் நீளமான சொல்லின் மூட்டைத் தேடி, “பார்த்துக்” என்பதற்குப் பின்னால் ஒரு தின் ஸ்பேஸைச் செருகுவார்.

எங்கள் மேஸ்திரியிடம் ஒருமுறை கேட்டேன்: “ஏன்ணா, மேல் வரியில சேர்ந்திருக்கு, கீழ் வரியில பிரிஞ்சிருக்கே?”

“மேல் வரியில எடம் இல்ல தம்பி, கீழ் வரியில எடம் இருந்துச்சு” என்றார்.

அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். வரி உதிரக் கூடாது என்பது அவர் பொறுப்பு. ஆனால் அதைப் படித்து வளர்ந்தவர்களுக்கு “பார்த்துக் கொண்டு” என்பதும் “பார்த்துக்கொண்டு” என்பதும் விருப்பம்போல எழுதத் தக்கவை என்ற எண்ணம் படிந்துபோனது. ஒரே பத்தியில் இரண்டு வடிவமும் இருந்தால் யாருக்கும் உறுத்தவில்லை. ஆனால் ஒன்றைக் குறித்துச் சொல்ல வேண்டும். கம்பாசிட்டர் செருகிய இடம் எப்போதும் மூட்டில்தான் விழுந்தது, ஒற்றும் அங்கேயே இருந்தது. “பார்த்துக்” என்பதன் கடைசி க், அடுத்து வருவது கொஞ்சம் தள்ளி நின்றாலும் உறவுள்ளது என்று வாசகருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

பிறகு சென்னையில் மெய்ப்புத் திருத்துபவனாகப் பல பதிப்பகங்களுக்கு வேலை பார்த்த காலத்தில் எனக்கு அதிகமாக வேலை வைத்தது வினைகள் அல்ல, “தான்” என்ற சிறு சொல். “முருகன் தான் வருவதாகச் சொன்னான்” என்று கையெழுத்துப் பிரதியில் இருக்கும். வேறு யாரும் சொல்லவில்லை, சொன்னவன் முருகன்தானா? அல்லது முருகன் தன்னைப் பற்றி, தான் வருவதாகச் சொன்னானா? முதலாவது என்றால் “முருகன்தான் வருவதாகச் சொன்னான்”. இரண்டாவது என்றால் “முருகன், தான் வருவதாகச் சொன்னான்”. அழுத்தம் தரும் “தான்” இடைச்சொல், அதற்குத் தனித்து நிற்கும் உரிமை இல்லை. தன்னைச் சுட்டும் “தான்” பெயர்ச்சொல்லின் இடத்தில் நிற்பது, எழுவாயாகவும் வருவது. பாகப் பிரிவினைக்கு முன் பங்காளிகள் எழுதிக்கொள்ளும் தாளில் “மோட்டார் மின்கட்டணத்தை மூத்தவர் தான் கட்டுவதாக ஒப்புக்கொண்டார்” என்று எழுதினால், ஒப்புக்கொண்டவர் மூத்தவர் மட்டும்தானா, கட்டப்போவது தானே என்று மூத்தவர் ஒப்புக்கொண்டாரா என்பது அந்த இடைவெளியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

“கூட” என்பதும் இதே இனம். “தம்பிகூட வந்தான்” என்றால் எதிர்பாராத தம்பியும் வந்தான். “தம்பி கூட வந்தான்” என்றால் தம்பி துணைக்கு வந்தான். தம்பியோடு இன்னொருவன் வந்தான் என்பதற்கும் பேச்சில் “தம்பிகூட வந்தான்” என்கிறோம். எழுத்தில் அந்த மூன்றாவதற்குத் “தம்பியுடன்” இருக்கிறது. அதை எழுதிவிட்டால் மற்ற இரண்டையும் இடைவெளி பார்த்துக்கொள்ளும்.

பெயர்களின் கூட்டு இதைவிட எளிது. முதல் சொல் உருமாறியிருந்தால் கேள்வியே இல்லை. மாங்கொட்டையில் “மாங்” தனியாக நிற்காது, பனங்காயில் “பனங்” தனியாக நிற்காது. ஆகவே ஒட்டித்தான் தீர வேண்டும். முதல் சொல் முழுதாக இருந்தால், “மிக” என்ற சொல்லை முன்னால் வைத்துப் பார்க்கலாம். “மிக நல்ல மனிதர்” என்று சொல்ல முடிகிறது, “நல்ல மனிதர்” இரண்டு சொல். “மிக நல்லபாம்பு” என்று சொல்ல முடியாது, நல்லபாம்பு என்பது ஒரு பாம்பின் பெயர். சின்னம்மாவும் அப்படியே. அம்மாவின் தங்கை உயரமானவராக இருந்தாலும் அவர் சின்னம்மாதான்.

எங்கள் மாவட்டத்தின் ஊர்ப்பெயர்களுக்கு வந்தால் இந்தச் சோதனைகள் ஓர் எல்லையில் நின்றுவிடும். கன்னடத்தில் ஊரைக் குறிக்கும் “ஹள்ளி” இங்கே பல பெயர்களின் கடைசியில் இருக்கிறது. “மாரண்டஹள்ளி” என்று எழுதும்வரை சேர்ப்பதில் தடை இல்லை. ஹ என்ற கிரந்த எழுத்தை விட்டு “அள்ளி” என்று எழுதத் தொடங்கியதும் சிக்கல் வந்தது. தமிழில் அளபெடை தவிரச் சொல்லின் நடுவே உயிரெழுத்து வருவதில்லை. இலக்கணப்படி சேர்த்தால் நடுவே ய் அல்லது வ் வர வேண்டும், “மிட்டாரெட்டியள்ளி” என்று ஆக வேண்டும். ஆனால் “மிட்டாரெட்டிஅள்ளி” என்றும் “மிட்டாரெட்டி அள்ளி” என்றும்தான் பலகைகளில் பார்க்கிறோம். அதே மாவட்டத்தில் இருக்கும் பாப்பிரெட்டிப்பட்டியோ ஒரு ப் சேர்த்துக்கொண்டு சிக்கல் இல்லாமல் ஒட்டிக்கொண்டது. பட்டி வல்லினத்தில் தொடங்குகிறது, அதற்குத் தமிழில் வழி இருந்தது.

ஊர்ப்பெயர் ஒரே பெயர், நடுவில் இடம் விடக் கூடாது என்பது என் கருத்து. நடுவில் உயிரெழுத்து வருவது இலக்கணத்துக்குப் புறம்பானதாகத் தெரிந்தாலும் “மாரண்டஅள்ளி” என்று சேர்த்தே எழுதுகிறேன். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப்பெயரை இரண்டாகப் பார்ப்பதில்லை. பெயர்களில் வழக்குக்கே முதல் உரிமை.

இப்போது இண்டூருக்குத் திரும்பிவிட்டேன். அண்ணன் மகள் பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஜெராக்ஸ் கடையும் கணினியும் வைத்திருக்கிறாள். அப்பா செய்த வேலையையே அவள் செய்கிறாள். ஆனால் மனு எழுதுபவர் இப்போது பெரும்பாலும் மனுதாரரேதான். ஃபோனில் தட்டச்சு செய்து அனுப்புகிறார், இவள் அச்செடுத்துக் கொடுக்கிறாள். யாரும் யாருக்கும் படித்துக்காட்டுவதில்லை. எழுதியவரும் வாய்விட்டுப் படிப்பதில்லை, வாங்கிப் பார்க்கும் அலுவலரும் கண்ணாலேயே ஓட்டிவிடுகிறார். அப்பா காலத்தில் இடைவெளியே இல்லாத மனு தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. இன்று சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்கும் மனு தடுமாறுகிறது. நடுவில் குரல் இல்லாமல் போனதே இதற்குக் காரணம்.

அவள் கடையில் வந்த ஒரு மனுவின் முதல் வரி “நான் பல வருடமாக இண்டூரில் இருந்து வருகிறேன்” என்று இருந்தது. “பல வருடமாக” என்பது இருந்ததால் பொருள் தப்பியது. அடுத்த பத்தியில் அந்தச் சொல் இல்லாமல் “என் தாயாரும் இண்டூரில் இருந்து வருகிறார்” என்று வந்தபோது மறுபடியும் இரண்டு பொருள். தாயார் இண்டூரில் குடியிருக்கிறாரா, இண்டூரிலிருந்து கிளம்பி வருகிறாரா?

“ஏன் சித்தப்பா எல்லாரும் இப்படியே பிரிச்சுப் பிரிச்சு எழுதுறாங்க?” என்று கேட்டாள்.

அவள் ஃபோனை வாங்கி அவளையே தட்டச்சு செய்யச் சொன்னேன். “இண்டூ” என்று தொடங்கியதும் மேலே “இண்டூரில்” வந்து நின்றது. அதைத் தொட்டதும் சொல் விழுந்தது, அதன் பின்னால் ஓர் இடைவெளியும் தானாக விழுந்தது. அடுத்து “இருந்து” வந்தது, அதன் பின்னாலும் ஓர் இடைவெளி. பிறகு “வருகிறேன்”. அவள் ஓர் இடத்திலும் இடைவெளிப் பொத்தானைத் தொடவில்லை. “பார்த்துக்கொண்டு” என்பதையும் அப்படியே எழுதச் சொன்னேன். “பார்த்து கொண்டு” என்று வந்தது. இடமும் விழுந்தது, க்-கும் போனது.

“தொட்டா எடம் தானா விழுது. நாம விடல” என்றாள்.

“ஆமாம்மா. வேணாத எடத்த நாமதான் திரும்பப் போய் அழிக்கணும்” என்றேன்.

அச்சகத்தில் இடத்தைச் செருகியவருக்குத் தமிழ்ச் சொல்லின் மூட்டு தெரிந்திருந்தது. விசைப்பலகைக்குச் சொல்லின் பட்டியல் மட்டுமே தெரியும். எது துணைவினை, எது தனிவினை என்று அது பார்ப்பதில்லை. அதனால்தான் இன்றைய பிரிப்பு பழைய பிரிப்பைவிட வாசகரை அதிகம் அலைக்கழிக்கிறது. ஒற்றும் இல்லாமல் இடமும் விழுந்த பிறகு, எது எதோடு சேர்ந்தது என்று அறிய வாசகருக்குத் தாளில் ஒரு துப்பும் இல்லை.

அவள் கணினியில் பழைய மனுக்களின் மாதிரிகள் நிறைய இருந்தன. அவற்றைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது தேடலே முதல் தடையானது. “வீட்டிலிருந்து” என்று தேடினால் “வீட்டில் இருந்து” கிடைக்காது. கணினிக்கு “லி” ஒரு கோவை, “ல்”, இடைவெளி, “இ” மூன்றும் வேறொரு கோவை. LibreOffice செயலியின் தேடல் பெட்டியில் `Regular expressions` என்பதைத் தெரிவுசெய்துவிட்டு இப்படித் தேடினோம்:

```
(ல் இ|லி)ருந்து
```

நடுவில் உள்ள கோடு “இது அல்லது அது” என்று பொருள்படும். பிரிந்ததும் சேர்ந்ததும் இரண்டும் கிடைத்தன. எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றும் பொத்தானை மட்டும் அவளைத் தொட விடவில்லை. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தோம். “கிணற்றில் இருந்து” என்று வந்த இடத்தில் தண்ணீர் எடுப்பது என்றால் சேர்த்தோம். “வீட்டில் இருந்து கவனித்துவருகிறார்” என்பதில் அவர் வீட்டிலேயே தங்கிக் கவனிக்கிறார், அதைப் பிரித்தே விட்டோம். இருப்பிடம் சொல்லும் வரிகளில் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு “இண்டூரில் வசித்துவருகிறேன்” என்று மாற்றினோம். இரண்டு பொருள் தரக்கூடிய வடிவத்தை இடைவெளியால் காப்பாற்றுவதைவிட, ஒரே பொருள் தரும் சொல்லைப் போடுவது பாதுகாப்பானது. நகல் எடுக்கும்போதும் மறுபடி தட்டச்சு செய்யும்போதும் இடைவெளி தொலையும். “வசித்து” தொலையாது.

தமிழ் ஐயா சொன்ன விதிக்கு எல்லைகளும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. பொருள் இழந்த சொல் ஒட்டும் என்றால், “பற்றி” ஏன் ஒட்டவில்லை? “மரத்தைப் பற்றி ஏறினான்” என்பதில் கையால் பிடித்தல் இருக்கிறது. “மரத்தைப் பற்றிப் பேசினான்” என்பதில் பிடித்தல் இல்லை. இரண்டையும் பெரும்பாலோர் பிரித்தே எழுதுகிறார்கள். முன்னால் உள்ள பெயர் தன் வேற்றுமை உருபோடு முழுமையாக நிற்கிறது, பின்னால் வரும் வினை எந்தப் “பற்றி” என்று சொல்லிவிடுகிறது. ஆகவே இங்கே பிரித்தாலும் பழுதில்லை. நானும் பிரித்தே எழுதுகிறேன்.

இன்னொரு எல்லை நீளம். துணைவினைமேல் துணைவினை ஏறும்போது எல்லாவற்றையும் ஒட்டினால் “சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கவேண்டும்” என்று ஆகும். அதைக் கண் ஒரே பார்வையில் பிடிக்காது. இங்கே பொருளின் மூட்டைப் பார்த்து ஓர் இடத்தில் வெட்ட வேண்டும். “வேண்டும்”, “முடியும்”, “கூடாது” மூன்றும் தம் பொருளை இழக்காதவை, அவற்றை எப்போதும் தனியே விடலாம். “சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்” என்றால் கொஞ்சம் மூச்சு கிடைக்கிறது. அதுவும் கனமாக இருந்தால் வாக்கியத்தை மாற்றி எழுதுவதே வழி. “பார்த்துக்கொண்டிருந்தான்” ஒட்டி நிற்கிறது. நடுவில் ஏகாரம் வந்து “பார்த்துக்கொண்டே இருந்தான்” என்றானதும் மூட்டு திறந்துவிடுகிறது, அங்கே இடம் விடலாம்.

2001இல் வெளிவந்த தமிழ் நடைக் கையேடு இந்தக் கேள்விகளை எடுத்துப் பேசியிருக்கிறது. மெய்ப்புத் திருத்துபவர்கள் மேசையில் அதைப் பார்க்கலாம். ஆனால் மனு எழுதுபவர் மெய்ப்புத் திருத்துபவரிடம் போவதில்லை. அவர் படித்த பள்ளிக்கூடத்தில் இருந்ததுதான் அவருக்கு எஞ்சும். அங்கே வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுக்கிறோம், தேர்விலும் கேட்கிறோம். இடைவெளிக்கும் அதே இடம் தர வேண்டும். “கண்டு பிடித்தான்”, “கண்டுபிடித்தான்” இரண்டையும் கொடுத்துப் பொருள் வேறுபாடு எழுதச் சொல்லலாம். “தான்” வரும் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இரண்டு விதமாக இடம் விட்டு, ஒவ்வொன்றும் என்ன பொருள் தரும் என்று கேட்கலாம். மாணவர் விடைத்தாளில் “பார்த்து கொண்டு” என்று எழுதினால், ஒற்றுப் பிழைக்குச் சுழிப்பதோடு நிறுத்தாமல், ஒரே வேலையை இரண்டாக வெட்டியதற்கும் ஆசிரியர் ஒரு கோடு போட வேண்டும். தொட்டவுடன் இடம் விழும் விசைப்பலகையில் எழுதப் போகும் பிள்ளைகள் அவர்கள். எந்த இடத்தை அழிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.